மூணு வாரத்துக்கு ஒரு புதன்

அத்தியாயம் 6: சலூனும் நாள் கணக்கும்

வேலைக்காக ஊரை விட்டு வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே தங்க ஒரு ரூமும் சாப்பிட ஒரு மெஸ்ஸும் பார்த்துவிடுகிறார்கள். சலூனை மட்டும் முடி காதை மூடிய பிறகுதான் தேடுகிறார்கள். என் தம்பியும் அப்படித்தான். கோவில்பட்டியிலிருந்து வேளச்சேரிக்குப் போன அவனுக்கு எழுதிய கடிதத்தையே இந்த அத்தியாயமாக வைத்துவிடுகிறேன்.

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று வீடியோ காலில் அம்மா உன் முகத்தைவிட உன் தலையைத்தான் அதிகம் பார்த்தாள். போனை வைத்ததும், "பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் முடியலையோ?" என்று என்னைக் கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, சலூன்தான் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருக்கிறது, நடுவில் புதர் மாதிரி நிற்கிறது, உச்சியில் ஒரு கொத்து கோழிக்கொண்டை போல நட்டுக்கொண்டிருக்கிறது. ஆபீஸில் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள், நீயும் ராத்திரி ஒன்பது மணிக்குத் திறந்திருந்த கடையில் போய் உட்கார்ந்திருப்பாய். சரியா?

இங்கே இருந்தவரை உனக்கு இந்தக் கவலையே இல்லை. அப்பா கூட்டிக்கொண்டு போவார், கடைக்கார அண்ணாச்சிக்கு உன் தலை உன்னைவிட நன்றாகத் தெரியும். "வழக்கம் போலத்தானே?" என்பார், நீ தலையை ஆட்டுவாய். அந்த "வழக்கம்" என்னவென்று உனக்குத் தெரியாது. இப்போது அதை நீயே வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். வாரத்துக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். மெஷினில் மாட்டுகிற சீப்பு இருக்கிறதே, அதில் நம்பர் 1 என்றால் 3 மில்லிமீட்டர், நம்பர் 2 என்றால் 6, நம்பர் 3 ஏறக்குறைய 10, நம்பர் 4 என்றால் 13. இப்போது நீ பக்கவாட்டில் நம்பர் 1 போட்டு, மேலே இரண்டு இன்ச் விட்டிருக்கிறாய் என்று வை. ஒரே வாரத்தில் பக்கத்து முடி 3 மில்லிமீட்டரிலிருந்து 6 ஆகிவிடும், அதாவது இரண்டு மடங்கு. மேலே இருக்கிற 50 மில்லிமீட்டர் 53 ஆகும். அது உன் கண்ணுக்கே தெரியாது. ஆக, "முடி வளர்ந்துபோச்சு" என்று நீ சொல்லும்போது உண்மையில் மேலே ஒன்றும் பெரிதாக வளரவில்லை. காதுக்கு மேலேயும் பிடரியிலும் வளர்ந்து, மேலுக்கும் பக்கத்துக்கும் இருந்த வித்தியாசம் கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை வெட்டுவது என்பதைத் தலையில் மிகக் குட்டையாக இருக்கிற இடம்தான் முடிவு செய்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். பக்கத்தில் தோல் தெரிய வெட்டிக்கொள்கிறவன் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போயாக வேண்டும், இல்லாவிட்டால் பாதி மாதம் அரைகுறையாகத்தான் திரிவான். நம்பர் 2 என்றால் மூன்று வாரம் தாங்கும். பக்கத்திலும் மெஷின் படாமல் சீப்பையும் கத்தரியையும் வைத்து வெட்டினால் ஐந்து வாரம் வரை இழுக்கலாம். நீ ஆசைப்படுகிற ஸ்டைல் எது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை நாளுக்கு ஒரு தடவை உன்னால் உண்மையில் போக முடியும் என்பதை முதலில் முடிவு செய். சினிமாக்காரர்களின் போட்டோவைக் காட்டி வெட்டிக்கொள்கிறோம், ஆனால் அவர்களுக்கு ஷூட்டிங்கிலேயே தினமும் சரிசெய்ய ஆள் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

செலவையும் சேர்த்துப் பார். உன் பக்கத்துக் கடையில் 150 ரூபாய் என்றாய். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்றால் வருஷத்துக்கு 17 தடவை, 2,550 ரூபாய். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றால் 26 தடவை, 3,900 ரூபாய். உன் சம்பளத்துக்கும் சோம்பேறித்தனத்துக்கும் மூன்று வாரம் சரியாக வரும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் பக்கத்தில் நம்பர் 2, அதற்குக் கீழே இறங்காதே.

இனி கடை தேடுவது. வாசலில் இருக்கிற கண்ணாடி, ஏசி, சுவரில் ஒட்டிய வெளிநாட்டுப் பையன்களின் படம் இதையெல்லாம் பார்த்து ஏமாறாதே. புதன், வியாழன் மாதிரி கூட்டமில்லாத ஒரு நாள் சாயங்காலம் போ. முதல் நாள் வெட்டிக்கொள்ளாதே. "எவ்வளவு நேரம் ஆகும்ணே?" என்று கேட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தியைப் பிரித்துக்கொள். ஒரு ஆளுக்கு முழுசாக வெட்டி முடிக்கிறவரை பார். தூத்துக்குடியில் ஒரு சலூன்காரர் கடைக்குள்ளேயே நூலகம் வைத்திருக்கிறார், காத்திருக்கிறவர்கள் புத்தகம் படிக்கட்டும் என்று. உனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, பேப்பர்தான். படிப்பது மாதிரி இருந்தால் போதும், கண் அவர் கையில் இருக்கட்டும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது பிளேடு. நான் வீட்டில்தான் ஷேவ் பண்ணுகிறேன், எனக்கு எதற்கு அது என்பாய். கட்டிங் முடிவிலும் கிருதாவை நேர் செய்யவும் பிடரியில் ஓரம் எடுக்கவும் கத்திதான் வைப்பார்கள். ஆக, வெறும் கட்டிங்குக்குப் போகிறவன் தோலிலும் பிளேடு படும். நல்ல கடையில் என்ன செய்வார்கள் என்றால், புது பிளேடை உறையோடு சேர்த்தே நடுவில் மடித்து இரண்டாக ஒடிப்பார்கள். ஒரு பாதி கத்தியில் ஏறும், மறு பாதி உறைக்குள்ளேயே அடுத்த ஆளுக்காக இருக்கும். பாதி பிளேடு என்பதால் பழசு என்று நினைத்துவிடாதே, அது பிரச்சினையே இல்லை. நீ நாற்காலியில் உட்காரும்போதே கத்தியில் பிளேடு மாட்டித் தயாராக இருந்தால்தான் பிரச்சினை. அது யார் கழுத்தைப் பார்த்துவிட்டு வந்ததோ. மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த ரத்தத்தில் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும். "அண்ணே, பிளேடு மாத்திக்கிடுங்க" என்று சாதாரணமாகச் சொல். நல்ல ஆள் கோபப்பட மாட்டார், ஒடித்துக் காட்டுவார். முகம் சுளித்தாலோ, "இப்பதான் தம்பி மாத்தினேன்" என்றாலோ, கிருதாவுக்கும் பிடரிக்கும் மெஷினையே வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த தடவைக்கு வேறு கடை பார்.

படிகாரக் கட்டியும் இதில் சேர்த்தி. ஷேவிங் முடிந்ததும் தண்ணீரில் நனைத்து முகத்தில் தேய்ப்பார்களே, அந்த ஒரே கட்டி காலையிலிருந்து எத்தனை பேர் வெட்டுக்காயத்தின் மேல் போயிருக்கும் என்று யோசி. வேண்டாம் என்று சொல்லிவிடு. வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் ஒரு துண்டு வாங்கி நீயே வைத்துக்கொள், பல வருஷம் வரும்.

அடுத்தது மெஷின். இதில் எனக்கே அனுபவம் உண்டு, உனக்குச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வெட்டிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துப் பிடரியில் அரிப்பு. கண்ணாடியில் பார்த்தால் காலணா அளவுக்கு ஒரு வட்டம், ஓரம் மட்டும் சிவந்து தடித்து, நடுவில் தெளிவாக. படர்தாமரை. நானும் புத்திசாலி மாதிரி மெடிக்கல் கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கித் தேய்த்தேன். மூன்றே நாளில் அரிப்பு போய்விட்டது. நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது, காதுக்குப் பின்னால் வரை. தோல் டாக்டர் அந்த ட்யூபைப் பார்த்துவிட்டுத் திட்டினார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, அது அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையைச் சௌகரியமாக வளர விடும் என்றார். மாத்திரையும் களிம்புமாக இரண்டு மாதம் ஓடியது. அத்தனை நாளும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். நான் அப்போது ஸ்டைல் பண்ணுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய்.

அந்தக் கடையில்தான் தொற்றியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மெஷின் வழியாகவும் துண்டு வழியாகவும் படர்தாமரை தாராளமாகப் பரவும். அதனால் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கவனி: ஒரு தலை முடிந்ததும் மெஷினின் பல்லில் இருக்கிற முடியை பிரஷ்ஷால் தட்டுகிறாரா, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறாரா, துடைத்ததைக் காய விடுகிறாரா. டெட்டால் கலந்த தண்ணீரை உன் முகத்தில் பீய்ச்சுவது வாசனைக்குத்தான், மெஷின் சுத்தமானதற்கு அது சாட்சியில்லை. துண்டு ஈரமாக இருந்தால், அது உனக்கு முன்னால் வந்தவருடையது. சின்னதாக ஒரு பருத்தித் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு போ. கழுத்தைச் சுற்றி முதலில் அதைப் போட்டு, அதன் மேல் அவருடைய போர்வையைக் கட்டச் சொல். வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பா கடைசிவரை அப்படித்தான் போனார்.

கைத்திறனை எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டிக்கொண்டு இறங்குகிற ஆளின் முன்பக்கத்தைப் பார்க்காதே, முன்பக்கம் யாருக்கும் சுமாராக வந்துவிடும். பிடரியைப் பார். மெஷின் வெட்டிய இடத்துக்கும் கத்தரி வெட்டிய இடத்துக்கும் நடுவில் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு தெரிந்தால் கை இன்னும் பழகவில்லை. இரண்டாவது, நடுவில் எத்தனை தடவை ஒதுங்கி நின்று கண்ணாடி வழியாக இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று எண்ணு. ஒரு தடவைகூடப் பார்க்காமல் போனில் பேசிக்கொண்டே வெட்டுகிறவர் எவ்வளவு வேகக்காரராக இருந்தாலும் நமக்கு வேண்டாம். மூன்றாவது, தொடங்கும் முன் தண்ணீர் அடிக்காமல் காய்ந்த முடியில் விரலை விட்டு உச்சியைப் பார்க்கிறாரா என்பது. உனக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் உனக்கு ரெட்டைச் சுழி.

ஆச்சி ரெண்டு பொண்டாட்டி என்று உன்னைக் கேலி பண்ணுவாளே, அதே சுழிதான். கல்யாண விஷயம் எப்படியோ, முடிவெட்டில் அது நிஜமாகவே தொல்லை. சுழியில் முடி சாய்ந்து முளைக்காமல் சுற்றிக்கொண்டு முளைக்கும். நீளமாக இருந்தால் தன் கனத்தாலேயே படிந்துவிடும். ஒரு இன்ச்சுக்குக் கீழே போனால் கனம் போதாமல் எழுந்து நிற்கும். உன்னுடையதில் இரண்டு சுழிக்கும் நடுவில் இருக்கிற முடி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நட்டுக்கொள்ளும். நேற்று அம்மா பார்த்தது அதைத்தான். தண்ணீர் அடித்தால் அந்த முடி படிந்து நீளமாகத் தெரியும். அவரும் மற்ற இடத்தோடு சமமாக்குகிறேன் என்று வெட்டிவிடுவார். வீட்டுக்கு வந்து காய்ந்ததும்தான் வண்டவாளம் தெரியும். அதனால் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, "அண்ணே, எனக்கு ரெட்டைச் சுழி, உச்சியில ஒன்றரை இன்ச்சுக்குக் கம்மியா எடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிடு. கேட்டதும் விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறவர் நம்ம ஆள்.

எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதே என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெயில் முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு நிற்கும், சுழியும் தெரியாது, மெஷினும் இழுக்கும். காலையில் தலைக்குக் குளித்துக் காய்ந்த தலையோடு போ.

என்ன வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது? "மீடியமா", "ஷார்ட்டா", "லைட்டா" என்ற மூன்று வார்த்தைக்கும் கடைக்குக் கடை அர்த்தம் வேறு. நம்பரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நான் மேலே சொன்ன கணக்கு பெரிய மெஷினுக்குத்தான். தாடி எடுக்கிற சின்ன டிரிம்மரில் 3 என்று போட்டிருந்தால் பல மாடல்களில் அது 3 மில்லிமீட்டர், அதாவது பெரிய மெஷினின் நம்பர் 1. நீ நம்பர் 3 என்று கேட்டு, அவர் டிரிம்மரில் 3 வைத்தால் தலை கதை முடிந்தது. அதனால் நம்பரோடு சேர்த்து மில்லிமீட்டரையும் சொல். உன் பக்கத்துக் கடைகளில் வடக்கிலிருந்து வந்த பையன்கள் நிறையப் பேர் வேலை பார்ப்பதாகச் சொன்னாய். கை சுத்தமான பையன்கள், பாஷைதான் இடிக்கும். அவர்களிடம் சீப்பைக் கையில் எடுத்துக் காட்டச் சொல், விரலால் நீளத்தைக் காட்டு. எதிலும் சந்தேகம் என்றால் ஒரு நம்பர் கூடுதலாகவே கேள். பத்தாவிட்டால் இன்னும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததை ஒட்ட முடியாது.

பிடரிக்கு ஒரு தனி வார்த்தை உண்டு. பெரும்பாலும் கேட்காமலேயே கத்தியால் சதுரமாக ஒரு கோடு போட்டுவிடுவார்கள். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். அடுத்த வாரம் கோட்டுக்குக் கீழே முள் முள்ளாக முளைத்து, நீ மூன்று வாரம் ஆனவன் போலத் தெரிவாய். "பின்னால கோடு வைக்காதீங்கண்ணே, கீழ போகப்போக மெல்லிசா விட்டுருங்க" என்று சொல். முடிவே இல்லாமல் தோலோடு கரைவது மாதிரி இருந்தால் வளர்வது தெரியாது. மூன்று வாரக் கணக்கு நிற்பதே இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

வெட்டி ஐந்தாவது நாள், குளித்துத் தலை காய்ந்ததும், ரூம்மேட்டை முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று போட்டோ எடுக்கச் சொல். கடையில் இறங்கிய அன்றே எடுக்காதே. அன்றைக்குத் தண்ணீரும் சீப்பும் பவுடரும் சேர்ந்து பொய் சொல்லும். ஐந்தாவது நாள் தலைதான் உண்மையான தலை. பிடித்திருந்தால் அதுதான் இனி உன் "வழக்கம் போல". போனில் அந்தப் போட்டோவின் கீழே எழுதி வை: "பக்கம் நம்பர் 2 (6 மி.மீ.), பிடரியில் கோடு வேண்டாம், உச்சி ஒன்றரை இன்ச், முன்னால் இரண்டு இன்ச், கிருதா காது நடு வரை." யார் கையில் போய் உட்கார்ந்தாலும் இதைக் காட்டலாம்.

இப்போது நாள் கணக்கு. முடி எப்போது தொந்தரவு பண்ணுகிறதோ அப்போது போகலாம் என்று இருந்தால், தொந்தரவு பண்ணுகிற நாளில் உனக்கு நேரம் இருக்காது. நேரம் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் ஊரே அங்கே உட்கார்ந்திருக்கும். ஞாயிறு காலையில் பத்தாவது ஆளாக உட்கார்ந்தால், சலூன்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உன் தலைக்குக் கிடைப்பது அவசரம்தான். செவ்வாய்க்கிழமை நம் பக்கம் பல சலூன்களுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை வெட்டினால் அம்மா விடமாட்டாள், சனிக்கிழமையும் ஆகாது என்பாள், அமாவாசை கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் நீ நம்புகிறாயா இல்லையா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர் நம்புவதால் மற்ற நாளில் கூட்டம் எப்படி இருக்கும் என்பது அதை வைத்துத்தான் அமைகிறது. கழித்துப் பார்த்தால் திங்கள், புதன், வியாழன் மிஞ்சும். திங்கள் உனக்கு ஆபீஸில் மீட்டிங். ஆகவே புதன், சாயங்காலம் ஏழு மணி.

ரூமில் தாள் கிழிக்கிற தினசரி காலண்டர் ஒன்று மாட்டு. அதில் அமாவாசை, முகூர்த்தம் எல்லாம் அச்சடித்தே வரும். நான் இந்த 2026-க்கு உனக்காகப் போட்டுப் பார்த்தேன். ஜூன் 3 புதன்கிழமை முதல் வெட்டு என்று வை. அங்கிருந்து மூன்று மூன்று வாரமாக ஜூன் 24, ஜூலை 15, ஆகஸ்ட் 5, ஆகஸ்ட் 26 என்று போகும். அடுத்தது செப்டம்பர் 16-இல் வரும். ஆனால் மாமா மகள் கல்யாணம் செப்டம்பர் 13. கல்யாணத்துக்கு நீ மூன்று வாரத் தலையோடு வந்து நிற்பாய். அப்படி இடித்தால் எப்போதும் முன்னால் இழு, பின்னால் தள்ளாதே. செப்டம்பர் 9 புதன்கிழமையே வெட்டிக்கொள். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால். அங்கிருந்து கணக்கு புதிதாக ஓடும்: செப்டம்பர் 30, அக்டோபர் 21. அடுத்தது நவம்பர் 11. தீபாவளி 8-ஆம் தேதியே வந்துவிடுகிறது. அதையும் ஒரு வாரம் முன்னால் இழுத்து நவம்பர் 4 என்று வை. தீபாவளிக்கு முந்தின நாள் எந்த சலூனிலும் கால் வைக்க இடம் இருக்காது என்பதால் இதில் இரட்டை லாபம். அதன் பிறகு நவம்பர் 25. அந்த நேரம் மாலை போட்டவர்கள் முடி வெட்டாமல் இருப்பார்கள், கடை காற்றாடும். புது ஸ்டைல் எதையாவது முயன்று பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகை, மார்கழிதான் நல்ல காலம். அவருக்கும் நிதானமாக வெட்ட நேரம் இருக்கும்.

நான்கு நாள் முன்னால் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அக்கா கல்யாணத்துக்கு நான் முந்தின நாள் சாயங்காலம் வெட்டிக்கொண்டேன். பக்கத்தில் வெயில் படாத தோல் வெள்ளையாகத் தெரிய, காது இரண்டும் தனியாக நீட்டிக்கொண்டிருக்க, ஆல்பத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் நிற்கிறேன். அத்தான் இன்றும் அந்த ஆல்பத்தை எடுத்தால் என்னைத்தான் முதலில் தேடுவார். நான்கைந்து நாளில் இரண்டு மில்லிமீட்டர் வளரும். அந்த இரண்டு மில்லிமீட்டரில் கத்தரி விட்ட சின்னச் சின்னத் தப்பெல்லாம் மூடிவிடும். மூடாத தப்பு இருந்தால் திரும்பப் போய்ச் சரிசெய்துகொள்ளவும் நாள் இருக்கும். இன்டர்வியூவுக்கும் இதே கணக்குதான்.

நடுவில் காதோரமும் பிடரியும் மட்டும் கண்ணை உறுத்தினால், முழுக் கட்டிங்குக்குப் போகாதே. "ஓரம் மட்டும் எடுத்து விடுங்க" என்று சொல்லி ஐந்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிடு. வாடிக்கையாளர் என்றால் பலர் காசே வாங்க மாட்டார்கள், நீயாக இருபதோ முப்பதோ கொடுத்துவிடு.

ஒரு எச்சரிக்கை. வெட்டி முடிந்ததும் தலையைப் பிடித்து மசாஜ் செய்து, தாடையில் ஒரு கையும் உச்சியில் ஒரு கையும் வைத்துச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுப்பார்கள். தலையைத் தேய்த்து விடட்டும், கழுத்தைத் திருப்ப விடாதே. கழுத்து எலும்புக்குள்ளே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் ஓடுகின்றன. அந்தத் திருப்பில் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போனவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் ஒரு சத்தத்துக்காக எதற்கு? அவர் கை தாடைக்கு வரும்போதே "கழுத்து வேண்டாம்ணே, வலி இருக்கு" என்று சொல்லிவிடு. பொய்தான், பரவாயில்லை.

நல்ல ஆள் கிடைத்துவிட்டால் அவர் பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொள். நாற்காலி வாடகைக்கு வேலை பார்க்கிறவர்கள் ஒரு கடையிலேயே நிற்க மாட்டார்கள். ஆறு மாதத்தில் இரண்டு தெரு தள்ளிப் போய்விடுவார். நீ கடையைப் பிடித்துக்கொண்டு நிற்காதே, ஆளைப் பின்தொடர். திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர் என்றால் எப்போது என்று முன்கூட்டியே கேட்டு, உன் புதனை அதற்கு முன்னால் வைத்துக்கொள். செவ்வாய் சாயங்காலம் ஒரு போன்: "நாளைக்கு ஏழு மணிக்கு வரலாமாண்ணே?" ஏழு மணிக்கு அவர் நாற்காலியைத் தட்டித் துடைத்து வைத்திருப்பார். நீ வர முடியாவிட்டாலும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு. உனக்காக அவர் ஒரு ஆளைத் திருப்பி அனுப்பியிருப்பார், அது அவருக்கு அன்றைய காசு.

நம் ஊரில் பெரியவர்கள் சிலர் அவர்களை ஜாதிப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். உன் வாயில் அது வரக் கூடாது. வயசில் மூத்தவர் என்றால் அண்ணே, இளையவர் என்றால் பெயர், யாராக இருந்தாலும் நீங்க.

இப்போதைக்கு உச்சியைத் தொடாதே. மூன்று வாரம் அப்படியே வளர விடு, பக்கத்தை மட்டும் சரிசெய்துகொள். அதுவரை வீடியோ கால் வரும்போது தொப்பி போட்டுக்கொள், அம்மாவிடம் ஆபீஸில் ஏசி அதிகம் என்று நான் சொல்லி வைக்கிறேன். ஜூன் 8-ஆம் தேதி, ஐந்தாவது நாள் போட்டோ மூன்றும் எனக்கு வந்துவிட வேண்டும். பின்பக்கம் எடுத்தது முதலில்.

இப்படிக்கு,
அண்ணன்